தேவை கூடினால் கருவாட்டு விலை எங்கே போய் நிற்கும்?

கேள்வி: "ஒவ்வொரு நிறுவனத்தின் அளிப்புக் கோடும் மேலே ஏறுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் தொழிலின் அளிப்புக் கோடும் ஏறத்தானே வேண்டும்? நீண்டகாலத்தில் மட்டும் அது எப்படிப் படுக்கைக் கோடாகிறது? எங்கள் ஊர் தேவிபட்டினம் பக்கம். இங்கே கருவாட்டுக்குக் கிராக்கி கூடியபோது விலை ஏறியது, பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. பாடம் தப்பா, நான் தப்பா?"

இரண்டும் தப்பில்லை. நீங்கள் கூட்டுகிற முறையில் ஒரு சறுக்கல் இருக்கிறது, அவ்வளவுதான். நூறு நிறுவனங்களின் கோடுகளைப் பக்கவாட்டில் கூட்டும்போது நூறு என்ற எண்ணை நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். குறுகியகாலத்தில் அது சரி, ஏனென்றால் அங்கே நூறு பேர்தான் இருக்கிறார்கள். யாரும் வரலாம், யாரும் போகலாம் என்கிற நீண்டகாலத்தில் எத்தனை பேர் என்பது கணக்கின் முடிவில் வரவேண்டிய விடை. அதை ஆரம்பத்திலேயே உள்ளே போட்டுவிட்டால் ஏறுகிற கோடுதான் வரும். கல்லூரியில் நுண்ணினப் பொருளியல் நடத்திய காலத்தில், விடைத்தாளில் நான் அதிகம் சுழித்த தவறு இதுதான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதைச் செய்வார்கள். படிக்காதவர்கள் படுக்கைக் கோட்டை மனப்பாடமாகப் போட்டுவிட்டு முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

உங்கள் ஊர்த் தொழிலையே எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கணக்கு எளிதாக வருவதற்காக நான் வைத்தவை, சந்தை நிலவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கருவாட்டுக் களம், சூடை மட்டும் காயப்போடுகிறது. காய்ந்ததை 20 கிலோ மூட்டையாகக் கட்டி விற்கிறது. வாரத்துக்கு q மூட்டை. அதன் வாரச் செலவு C = 10000 + 2000q + 100q². முதலில் இருக்கிற 10,000 ரூபாய் எத்தனை மூட்டை போட்டாலும் மாறாது: கள வாடகை, வலை, தார்ப்பாய், கொட்டகைத் தேய்மானம், அப்புறம் களத்துக்காரர் வேறு வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலி, போட்ட முதலுக்கு வட்டி. அடுத்த 2,000 ஒவ்வொரு மூட்டைக்கும் ஆகிற நேரடிச் செலவு. ஒரு கிலோ கருவாட்டுக்கு மூன்று கிலோ பச்சை மீன் என்று வைத்தால் மூட்டைக்கு 60 கிலோ. கிலோ 25 ரூபாய் என்றால் 1,500. உப்பும் ஆள்கூலியும் 500. கடைசியில் இருக்கிற 100q² என்பது நெரிசல். ஒரே களத்தில் மீனைக் கூட்டிக்கொண்டே போனால் பரப்ப இடம் போதாது, புரட்டிப்போட ஆள் போதாது, சரியாகக் காயாமல் புழு வைக்கும், கழிவு கூடும். ஒரு களம் எல்லை இல்லாமல் பெருக்க முடியாமல் தடுப்பது இந்த உறுப்புதான். இது இல்லாவிட்டால் ஒரே களம் ஊர் மீனை எல்லாம் வாங்கிக் காயப்போட்டுவிடும், நிறைவுப் போட்டி என்ற பேச்சே இராது.

இறுதிநிலைச் செலவு, அதாவது இன்னொரு மூட்டை போட ஆகும் கூடுதல் செலவு, 2000 + 200q. சராசரிச் செலவு 10000/q + 2000 + 100q. சந்தை விலையைக் களத்துக்காரர் மாற்ற முடியாது. ஆகவே விலை இறுதிநிலைச் செலவுக்குச் சமமாகும் வரை போடுவார். இது முதல் நிபந்தனை. இரண்டாவது, புதிதாக வருகிறவர்களைப் பற்றியது. விலை சராசரிச் செலவை விட அதிகமாக இருந்தால் வெளியில் இருப்பவர் உள்ளே வருவார், குறைந்தால் உள்ளே இருப்பவர் போவார். வருவதும் போவதும் நிற்கிற இடத்தில் விலை சராசரிச் செலவுக்குச் சமம். இரண்டையும் சேர்த்தால் இறுதிநிலைச் செலவும் சராசரிச் செலவும் சமமாக வேண்டும்: 2000 + 200q = 10000/q + 2000 + 100q. சுருக்கினால் q² = 100, ஆக q = 10. அந்த இடத்தில் சராசரிச் செலவு 1000 + 2000 + 1000 = 4,000 ரூபாய். சராசரிச் செலவுக் கோட்டின் அடிமட்டப் புள்ளியும் அதுவே.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். விலையைக் கண்டுபிடித்துவிட்டோம், களத்தின் அளவைக் கண்டுபிடித்துவிட்டோம், தேவையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கருவாடு வாங்குகிறவர் ஆயிரம் பேரா, லட்சம் பேரா என்று தெரியாமலே நீண்டகால விலை 4,000 என்று சொல்லிவிட்டோம். படுக்கைக் கோடு என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான். 4,000க்குக் கீழே ஒரு களமும் நிற்காது. 4,000க்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் வந்துகொண்டே இருக்கும். சரியாக 4,000இல், பத்து, இருபது, முப்பது என்று எத்தனை மூட்டையும் கிடைக்கும், ஒவ்வொரு பத்துக்கும் ஒரு களம் கூடும். கறாராகப் பார்த்தால் அது கோடுகூட இல்லை, பத்துப் பத்தாகத் தள்ளி வைத்த புள்ளிகள். களங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் அதைக் கோடு என்று சொல்வதில் பிழையில்லை. ஊருக்கு நான்கைந்து களம்தான் என்றால் அப்படிச் சொல்ல முடியாது.

தேவை எங்கே வருகிறது? களங்களின் எண்ணிக்கையை முடிவு செய்ய வருகிறது. சந்தைத் தேவை Q = 1800 − 0.2P என்று வைப்போம். விலை 4,000இல் 1,000 மூட்டை. ஆளுக்குப் பத்து என்றால் 100 களம். இப்போது வெளியூர்க் கிராக்கி கூடி, தேவை Q = 2500 − 0.2P ஆகிவிட்டது. அன்றைக்கே புதுக் களம் முளைக்காது. இருக்கிற 100 பேரும் தங்கள் இறுதிநிலைச் செலவுக் கோட்டின்மேல் ஏறுவார்கள். ஒவ்வொருவர் அளிப்பும் q = (P − 2000)/200; நூறு பேருக்கு Q = 0.5P − 1000. தேவையோடு சமப்படுத்தினால் விலை 5,000, மொத்தம் 1,500 மூட்டை, ஆளுக்கு 15. வரவு 75,000, செலவு 10,000 + 30,000 + 22,500 = 62,500. வாரத்துக்கு 12,500 ரூபாய் கையில் நிற்கிறது. நீங்கள் கேள்வியில் சொன்ன கூட்டல் இந்தக் கட்டத்துக்குச் சரி, ஏறுகிற கோடும் சரி.

ஆனால் 12,500 ரூபாய் நிற்கிற செய்தி கடற்கரையில் எத்தனை நாள் ரகசியமாக இருக்கும்? பக்கத்து ஊரில் ஒருவர் தார்ப்பாய் வாங்குவார். களம் 120 ஆனதும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: விலை 4,625க்கு இறங்கும், ஆளுக்கு நிற்பது ஏழாயிரத்துச் சொச்சம் ஆகும். இன்னும் கவர்ச்சி இருப்பதால் இன்னும் வருவார்கள். விலை 4,000ஐத் தொடும்போது சந்தை கேட்பது 2500 − 800 = 1,700 மூட்டை. களம் 170. அதற்கு மேல் வந்தால் நட்டம். பழைய களத்துக்காரர் பத்திலிருந்து பதினைந்துக்குப் போய்த் திரும்பப் பத்துக்கே வந்துவிட்டார். கூடிய 700 மூட்டையும் புதிதாக வந்த 70 பேருடையது. நீண்டகாலத்தில் தொழில் பெருக்கிறது, தனிக் களம் பெருப்பதில்லை.

விலை 4,000இல் இலாபம் சுழியம் என்றால் எதற்குத் தொழில் செய்கிறார்கள் என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார். பாம்பனில் களம் வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் ஒருமுறை, "என்னம்மா, மிச்சம் பிடிக்குதா?" என்று கேட்டேன். "எங்க சார், ஏங்கூலி வருது, வாங்குன காசுக்கு வட்டி வருது. அதுக்கு மேல ஒண்ணும் நிக்கல. ஓடுது" என்றார். இதைவிடத் தெளிவாக இயல்பு இலாபத்தை நான் வகுப்பில் சொன்னதில்லை. அவருடைய கூலியும் வட்டியும் நம் 10,000க்குள்ளேயே இருக்கின்றன. அவை போக மிஞ்சுவதுதான் சுழியம். இதை விட்டுவிட்டு, கைக்கு வந்த காசை எல்லாம் இலாபம் என்று எழுதினால் எல்லாத் தொழிலிலும் இலாபம் இருப்பதாகவே தோன்றும். அப்படியானால் ஏன் யாரும் புதிதாக வரவில்லை என்பது புரியாமல் போகும்.

சரி, அப்படியென்றால் தேவிபட்டினத்தில் விலை ஏன் இறங்கவில்லை? மேலே போட்ட கணக்கில் ஓர் அனுமானத்தைப் பேசாமல் நுழைத்துவிட்டேன். 100 களம் இருந்தபோதும் 170 களம் ஆனபோதும் பச்சை மீன் கிலோ 25 ரூபாய்தான் என்று வைத்தேன். உப்புக்கு அது பொருந்தும். நாடு முழுக்க விற்கிற உப்பில் கருவாட்டுக்குப் போவது கொஞ்சம்தான். பச்சை மீனுக்குப் பொருந்தாது. கடல் தருவது அளவோடுதான். 70 களம் கூடுதலாக ஏலத்தில் நின்றால், பச்சையாக விற்க வாங்குகிறவரையும் மீன்தூள் ஆலைக்கு வாங்குகிறவரையும் விலையில் மிஞ்சித்தான் மீனை எடுக்க வேண்டும். ஆகவே மீன் விலை தொழிலின் மொத்த அளவைப் பொறுத்து ஏறுகிறது என்று வைப்போம்: f = 15 + Q/100. மொத்தம் 1,000 மூட்டை என்றால் 25 ரூபாய், முன்பு வைத்தது போலவே.

இப்போது மூட்டைக்கான நேரடிச் செலவு 500 + 60f. களத்தின் அடிமட்டச் சராசரிச் செலவு 2500 + 60f. மீன் விலை ஏறும்போது சராசரிச் செலவுக் கோடு முழுவதும் அப்படியே மேலே நகர்கிறது, அதன் அடிமட்டம் பத்து மூட்டையில்தான் நிற்கிறது. மூட்டைக்கு இத்தனை கிலோ மீன் என்பது மாறாத விகிதம் என்பதால் இப்படி. மாறாக, வாடகை ஏறினால் அடிமட்டம் வலப்பக்கம் நகரும், களத்தின் அளவும் பெரிதாகும். f இருந்த இடத்தில் 15 + Q/100 என்று போட்டால் கிடைப்பது P = 3400 + 0.6Q. இதுதான் இந்தத் தொழிலின் நீண்டகால அளிப்புக் கோடு. ஏறுகிறது. புதிய தேவையோடு சேர்த்துத் தீர்த்தால் விலை 4,375, அளவு 1,625 மூட்டை, மீன் கிலோ 31 ரூபாய் 25 காசு. களம் 162½ என்று வருகிறது. அரைக் களம் கிடையாது. 162 களம் நிற்கும், ஆளுக்குச் சில்லறை மிஞ்சும், 163ஆவது ஆள் வந்தால் கையைக் கடிக்கும்.

விலை 4,000இலிருந்து 4,375க்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. நீங்கள் பார்த்தது இதுவாக இருக்கலாம். ஆனால் இது ஏறுவதற்கான காரணம் நீங்கள் சொன்ன காரணம் அல்ல. தனிக் களத்தின் இறுதிநிலைச் செலவு ஏறுவதால் இந்தக் கோடு ஏறவில்லை. அந்த ஏற்றத்தைப் புதிதாக வருகிறவர்கள் அழித்துவிடுகிறார்கள். மொத்தத் தொழிலும் பெருக்கும்போது எல்லாக் களத்துக்கும் சேர்த்து மீன் விலை ஏறுவதால் ஏறுகிறது. இரண்டு சாய்வும் வேறு எண்கள்: மீன் விலை 25இலேயே நின்றால் நூறு களத்தின் குறுகியகாலக் கோடு மூட்டைக்கு 2 ரூபாய் ஏறும், நீண்டகாலக் கோடு 60 காசு ஏறுகிறது. ஒரு தொழில் பெருக்கும்போது இடுபொருள் விலை ஏறி எல்லோர் செலவையும் தூக்குவதை, உற்பத்தி முறையே கெடுவதிலிருந்து பிரித்துக் காட்டியவர் ஜேகப் வைனர், 1931இல். எதிர்ப்பக்கமும் உண்டு. களங்கள் பெருகிய பிறகு லாரி வாசலுக்கே வந்து வாடகை குறைந்தால் கோடு இறங்கவும் செய்யும். மீன் விலை ஏற்றத்தை அது ஈடுகட்டும் அளவுக்குக் கருவாட்டில் பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கணக்கைப் போடும்போது ஒரு குழி உண்டு. f = 15 + Q/100 என்பதைக் களத்தின் செலவிலேயே முதலில் போட்டு, பிறகு q-ஐ வைத்து வகையிட்டுவிடுவார்கள். அது தப்பு. ஒரு களத்துக்காரர் ஏலத்தில் நிற்கும்போது மீன் விலை அவருக்குக் கொடுக்கப்பட்ட எண். தான் இன்னொரு கூடை எடுத்தால் ஊரெல்லாம் விலை ஏறும் என்று அவர் நினைப்பதில்லை, நினைக்க வேண்டிய அளவுக்கு அவர் பெரியவரும் இல்லை. முதலில் f-ஐ மாறிலியாக வைத்து வகையிட வேண்டும், சமநிலை நிபந்தனை எழுதிய பிறகே Q-ஐ உள்ளே விட வேண்டும். வரிசை மாறினால் ஒரே ஆள் ஊர் மீனை எல்லாம் வாங்குகிற சந்தையின் விடை வந்துவிடும். உங்கள் விடையில் 162½ களத்தில் ஆளுக்குப் பத்து மூட்டை வராமல் வேறு ஏதாவது வந்தால் இங்கேதான் வழுக்கியிருக்கிறீர்கள்.

ஏறிய விலையால் யாருக்கு ஆதாயம்? களத்துக்காரருக்கு இல்லை. 4,375இலும் அவருக்குக் கூலியும் வட்டியும்தான். கிலோவுக்கு ஆறேகால் ரூபாய் கூடுதலாகப் போவது மீன் கொண்டுவரும் படகுக்கு. கடற்கரையை ஒட்டிச் சொந்தக் களம் வைத்திருப்பவர், "எனக்கு மட்டும் நன்றாக நிற்கிறதே" என்று சொன்னால் அதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். இறக்குதளத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அவருக்குச் சுமைகூலி மிச்சம். ஆனால் அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டால் அந்த மிச்சம் அளவுக்கு வாடகை கேட்கலாம். அந்த வாடகையையும் அவருடைய செலவில் எழுதிவிட்டால் அவரும் மற்றவர்களைப் போன்ற களத்துக்காரர்தான். கூடுதலாக நிற்பது நில உடைமையாளராக அவருக்கு வருவது. ஒரே மாதிரியான நிறுவனங்கள் என்ற அனுமானம் பார்ப்பதற்கு அபத்தமாகத் தெரிந்தாலும் வாடகையைச் சரியாக எழுதினால் பெரும்பாலும் தாங்கும். எழுதாவிட்டால் தாங்காது.

வெளியேறுவதற்கும் இதே கணக்கு, ஆனால் நடப்பு மெதுவாக இருக்கும். மீன் விலையை மறுபடி 25இல் நிறுத்திக்கொண்டு, தேவை Q = 1380 − 0.2P ஆகக் குறைந்தது என்று வையுங்கள். 100 களமும் இருக்கும்போது விலை 3,400, ஆளுக்கு 7 மூட்டை, வாரத்துக்கு 5,100 ரூபாய் நட்டம். ஆனால் அன்றைக்கே பூட்டினால் நிலைச்செலவு 10,000 முழுவதும் போகும் என்றால், 5,100 இழந்தபடி ஓட்டுவதே மேல். ஒப்பந்தம் முடிந்து, வலை கிழிந்து, புதுப்பிக்க வேண்டிய நேரம் வரும்போதுதான் ஒவ்வொருவராக விடுவார்கள். கடைசியில் விலை 4,000, அளவு 580, களம் 58. வருவதற்கு ஒரு பருவம் போதும், போவதற்குச் சில வருடங்கள்கூட ஆகலாம். நீண்டகாலம் என்பது காலண்டரில் இல்லை, செலவுகள் எப்போது கையை விட்டுக் கழலும் என்பதில் இருக்கிறது.

மேலே போட்ட தர்க்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் ஊர் விலை இதனால்தான் இறங்கவில்லை என்பது மட்டும் ஊகம். அதைச் சோதிக்க, கிராக்கி கூடுவதற்கு முன்னும் இப்போதும் என்று இரண்டு விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள்: களங்கள் எத்தனை, கரையில் பச்சை மீன் ஏலம் என்ன விலை. களம் கூடி, மீன் விலையும் கூடி, ஒரு களம் போடும் மூட்டை ஏறக்குறைய பழைய அளவிலேயே இருந்தால் நான் சொன்ன ஏறுகிற கோடு பொருந்துகிறது. மீன் விலை கூடாமல், களமும் கூடாமல், கருவாட்டு விலை மட்டும் ஏறி நின்றால் காரணம் வேறு. யாரோ வாசலை அடைத்திருக்கிறார்கள், காயப்போட இடம் கிடைக்காமல் இருக்கலாம். கேட்கும்போது மாதம் ஒன்றாக இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் வரத்து குறைந்து ஏறும் விலையை மாசி மாத விலையோடு ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது.

இன்னொன்றும் கேளுங்கள், இதைக் கொஞ்சம் தணிந்த குரலில்தான் கேட்க வேண்டியிருக்கும். களத்துக்காரர் யாரிடமாவது முன்பணம் வாங்கியிருக்கிறாரா? வாங்கியிருந்தால் சரக்கை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுப்பார். அந்த விலை சந்தை விலையை விடக் குறைவாக இருக்கும், குறைவது கடனுக்கான வட்டி. அப்படிப்பட்ட களத்தின் விற்பனை விலையை நேராக P என்று எழுதினால் களம் நட்டத்தில் ஓடுவது போலத் தெரியும், ஆனாலும் யாரும் வெளியேற மாட்டார்கள். பிடித்துக்கொண்ட வட்டியை விலையோடு திரும்பச் சேர்த்து, செலவிலும் அதே வட்டியை ஒருமுறை மட்டும் எழுதிய பிறகு சராசரிச் செலவோடு ஒப்பிடுங்கள்.